பராமரிப்புத் துறை: 2025–26 இடைக்கால நிதி ஒதுக்கீடு உயர்வுக் கோரிக்கை

பெறுநர்: நிதித் துறைத் தலைவர்
அனுப்புநர்: மேலாளர், பராமரிப்புத் துறை
நாள்: 03.10.2025
(தொகைகள் எல்லாம் லட்சத்தில்)

ஐயா,

எங்கள் துறைக்கு இந்த ஆண்டு ஒதுக்கியது 84.00. இதில் 10.40 உயர்த்தி (12.4%) 94.40 ஆக்கித் தருமாறு வேண்டுகிறேன். முதல் அரையாண்டுக் கணக்கு இது:

| இனம் | ஒதுக்கீடு | செலவு | வேறுபாடு |
|---|---|---|---|
| உதிரிபாகம் | 18.00 | 19.10 | +1.10 |
| ஒப்பந்தப் பணி | 12.00 | 11.40 | −0.60 |
| எண்ணெய், நுகர்பொருள் | 12.00 | 12.60 | +0.60 |
| கம்ப்ரசர் வாடகை | 0 | 4.50 | +4.50 |
| மொத்தம் | 42.00 | 47.60 | +5.60 |

எண்ணெய்ச் செலவு கூடியதற்குக் காரணம், ஹைட்ராலிக் பிரஸ்ஸின் எண்ணெயில் தண்ணீர் கலந்து தொட்டி எண்ணெய் முழுவதையும் மாற்றியதுதான். கூலரை மாற்றிவிட்டதால் இது திரும்ப வராது. உதிரிபாக விலை ஏற்றம் அப்படியல்ல, இரண்டாம் பாதியிலும் 1.10 கூடுதலாகும்.

பெரிய ஓட்டை வாடகைதான். ஜனவரியில் பட்ஜெட் போட்டபோது 2ஆம் எண் ஸ்க்ரூ கம்ப்ரசரின் அதிர்வு 3.1 மி.மீ./வினாடி. மார்ச் கடைசியில் அது 7.8 ஆனது, வெப்பநிலை ஏறி இயந்திரம் அடிக்கடி டிரிப் ஆனது. காற்றை அழுத்தும் பகுதியான, 41,600 மணி நேரம் ஓடிய ஏர் எண்டின் பேரிங் தேய்ந்துவிட்டது. அப்படியே ஓட்டியிருந்தால் ரோட்டர்கள் ஒன்றோடொன்று உரசி இறுகியிருக்கும் என்பதால் நிறுத்தினோம். ஏப்ரலிலிருந்து மாதம் 0.75 வாடகைக்கு வேறு இயந்திரம் ஓடுகிறது.

புதிய ஏர் எண்ட், பொருத்துக் கூலியோடு 5.20. ஏழு மாத வாடகையில் அந்தப் பணம் திரும்பிவிடும். அக்டோபர் 10க்குள் ஆர்டர் கொடுத்தால் ஆறு வாரத்தில் பொருள் வரும், ஒரு வாரத்தில் பொருத்திவிடலாம். வாடகை நவம்பரோடு முடியும்.

கோரும் தொகையின் கணக்கு: இதுவரையான மிகைச் செலவு 5.60, இரண்டு மாத வாடகை 1.50, ஏர் எண்ட் 5.20, உதிரிபாகம் 1.10, ஆக 13.40. கிடங்கு வண்ணப்பூச்சை அடுத்த ஆண்டுக்குத் தள்ளியதில் 2.40, இரண்டாம் பாதி ஒப்பந்தப் பணியில் 0.60 என 3.00 நாங்களே குறைத்துள்ளோம். இயந்திரப் பாதுகாப்பு வேலைகளில் கை வைக்கவில்லை. அங்கே மிச்சம் பிடிப்பது பின்னால் இரட்டிப்புச் செலவாகும்.

ஏர் எண்ட் வாங்காவிட்டாலும் ஆறு மாத வாடகையோடு கூடுதல் தேவை 8.20 ஆகும். அதாவது வாங்குவதற்கு இந்த ஆண்டு 2.20 மட்டுமே அதிகம். வாங்காவிட்டால் அடுத்த ஆண்டும் வாடகைக்கே 9.00 போகும்.

பழைய திறனை மீட்பதால் இதை வருவாயினச் செலவாகக் காட்டியுள்ளேன். முதலினம் என்று நீங்கள் கருதினால் 5.20ஐ அந்தத் தலைப்புக்கு மாற்றிவிடலாம். அப்போது இந்தக் கோரிக்கையும் 5.20 ஆகக் குறையும்.

விலைப்புள்ளி அக்டோபர் 31 வரை செல்லும். ஆனால் 10ஆம் தேதியைத் தாண்டினால் இன்னொரு மாத வாடகை 0.75 சேரக்கூடும் என்பதால் அதற்குள் ஒப்புதல் வேண்டுகிறேன்.

இணைப்பு: மாதவாரிச் செலவு அறிக்கை, அதிர்வுப் பதிவேட்டின் நகல், மூன்று விலைப்புள்ளிகள், வாடகை ஒப்பந்தம்.

(ஒப்பம்)
மேலாளர், பராமரிப்புத் துறை