வயிற்றுப்போக்கில் ஜிங்க் மாத்திரை: 33 ஆய்வுகளின் சுருக்கம்

(வட்டார மாதாந்திரக் கூட்டத்துக்காக, கிராம சுகாதார செவிலியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும்)

போன கூட்டத்தில் இரண்டு கேள்விகள் வந்தன. ஜிங்க் கொடுத்தும் குழந்தைக்கு மூன்று நாளாக நிற்கவில்லையே, இது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பது ஒன்று. மாத்திரை உள்ளே போனதும் வாந்தி எடுக்கிறது, நிறுத்திவிடலாமா என்று அம்மாக்கள் கேட்கிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகள். அன்று நான் பாதி நினைவிலிருந்து பதில் சொன்னேன். அது போதாது என்று தோன்றியதால், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016-இல் வெளியிட்ட மீளாய்வை முழுதாகப் படித்து இங்கே சுருக்கித் தருகிறேன்.

33 ஆய்வுகள், 10,841 குழந்தைகள். குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஜிங்க் கொடுத்து, மற்றவர்களுக்குக் கொடுக்காமல் அல்லது மருந்தில்லாத போலி மருந்தைக் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வுகள் இவை. பெரும்பாலானவை ஆசிய நாடுகளில், ஜிங்க் குறைபாடு பரவலாக உள்ள இடங்களில் நடந்தவை. அதனால் முடிவுகள் நம் ஊருக்குப் பெருமளவு பொருந்தும்.

மீளாய்வின் முடிவு இதுதான்: ஜிங்க் குறைபாடோ ஊட்டச்சத்துக் குறைபாடோ அதிகமுள்ள பகுதிகளில், ஆறு மாதமும் அதற்கு மேலும் வயதுள்ள குழந்தைகளுக்கு ஜிங்க் பயன் தரலாம். ஆறு மாதத்துக்குக் குறைந்தவர்களுக்கும், நல்ல ஊட்டத்தோடு இருப்பவர்களுக்கும், குறைபாடு அரிதான இடங்களுக்கும் இதே ஆதரவு கிடைக்கவில்லை.

"தரலாம்" என்ற சொல்லை நான் மெத்தனமாகப் போடவில்லை. இந்த மீளாய்வு ஒவ்வொரு முடிவுக்கும் ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்று தனியாகத் தரம் இடுகிறது: உயர்ந்தது, நடுத்தரம், குறைந்தது, மிகக் குறைந்தது. குறைந்தது என்றால் மருந்து வேலை செய்யாது என்று பொருளில்லை. இன்னும் நல்ல ஆய்வுகள் வந்தால் இந்த எண் மாறக்கூடும் என்று பொருள். எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு தரத்தை விட்டுவிட்டால் பாதிச் செய்திதான் கையில் இருக்கும்.

முதல் கேள்விக்கு வருவோம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளில், திடீரென வந்த வயிற்றுப்போக்கு சராசரியாக 11 மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அதாவது ஏறக்குறைய அரை நாள், முன்னதாக நின்றது. 9 ஆய்வுகள், 2,581 குழந்தைகள். ஆனால் உண்மையான பலன் 3 மணி நேரமாகவும் இருக்கலாம், 20 மணி நேரமாகவும் இருக்கலாம். ஆய்வுக்கு ஆய்வு விடை வெகுவாக மாறியது. எனவே உறுதி குறைவு. மூன்று நாளில் நிற்கவில்லை என்று ஓர் அம்மா வருத்தப்பட்டால், மாத்திரை தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். நாம் எதிர்பார்க்கக்கூடியதே அரை நாள் அளவுதான். போக்கு உடனே நின்றுவிடும் என்று முன்பே சொல்லி வைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

அதைவிட உறுதியான விடை ஒன்று இருக்கிறது. ஏழாம் நாளும் போக்கு நீடிப்பவர்களின் எண்ணிக்கையை ஜிங்க் அநேகமாகக் குறைக்கிறது. ஜிங்க் பெறாதவர்களில் 100 பேருக்கு அப்படி நீடித்தால், அதே அளவு குழந்தைகள் ஜிங்க் பெற்றிருந்தால் 73 பேருக்குத்தான் நீடிக்கும். உண்மை எண் 61-க்கும் 88-க்கும் இடையில் இருக்கலாம். 6 ஆய்வுகள், 3,865 குழந்தைகள், உறுதி நடுத்தரம். இழுத்துக்கொண்டே போகும் வயிற்றுப்போக்குதான் குழந்தையை உருக்குகிறது என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு இந்த விடைதான் பெரிதாகப் படுகிறது.

இனி நம் வட்டாரத்துக்கு முக்கியமான பகுதி. ஊட்டச்சத்துக் குறைபாட்டின் அறிகுறி உள்ள குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு சராசரியாக 26 மணி நேரம், ஒரு நாளுக்கும் மேல், குறைந்தது. 5 ஆய்வுகள், 419 குழந்தைகள். எண்ணிக்கை சிறியதுதான். ஆனாலும் இதற்கு மீளாய்வு கொடுத்த தரம் உயர்ந்தது. போக்கில் உடலிலுள்ள ஜிங்க் வெளியேறுகிறது. அரிசியும் கூழுமாகவே சாப்பிடும் குழந்தைக்கு ஏற்கெனவே இருப்பு குறைவு. அங்கன்வாடியில் எடை போடும்போது எடை குறைந்தவர் பட்டியலில் வரும் பெயர்களை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அந்த வீடுகளில் போக்கு என்று கேள்விப்பட்டால், ஓஆர்எஸ்ஸோடு ஜிங்க்கும் அன்றைக்கே போய்ச் சேரட்டும்.

இரண்டு வாரம் கடந்தும் நிற்காத நாட்பட்ட வயிற்றுப்போக்கில் சராசரியாக 16 மணி நேரம் குறைந்தது, உறுதி நடுத்தரம்.

ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் போக்கு நீடிக்கும் நேரம் குறையவில்லை. இரண்டு ஆய்வுகள், 1,334 குழந்தைகள், உறுதி நடுத்தரம். இதைக் கேட்டவுடன் சிலருக்குக் குழப்பம் வரும், ஏனென்றால் நம் திட்ட நெறிமுறை 2 முதல் 6 மாதக் குழந்தைக்குத் தினம் அரை மாத்திரை, 10 மில்லிகிராம், 14 நாள் கொடுக்கச் சொல்கிறது. நெறிமுறையை நாமாக மாற்ற முடியாது. கொடுத்து வருவதைத் தொடருங்கள். ஆனால் இந்த வயதில் ஜிங்க்கை நம்பி மற்றதில் கவனம் தளர வேண்டாம். தாய்ப்பால் நிற்கவே கூடாது. கண் குழிந்திருக்கிறதா, பால் குடிக்க மறுக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்.

இரண்டாவது கேள்வி, வாந்தி. அம்மாக்கள் சொல்வது சரிதான், அவர்களை நம்புங்கள். ஜிங்க் கொடுத்த குழந்தைகளில் வாந்தி ஒன்றரை மடங்கு அதிகம்: 6 ஆய்வுகள், 2,605 குழந்தைகள், உறுதி நடுத்தரம். பயனைப் பற்றிய பல விடைகளைப் போலவே தீமை பற்றிய இந்த விடையும் திடமாக இருக்கிறது. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது முறையில்லை. "மாத்திரையால் கொஞ்சம் வாந்தி வரலாம்மா, பயப்படாதீங்க, ஓஆர்எஸ்ஸை விடாம ஸ்பூன் ஸ்பூனா கொடுங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டால், பல வீடுகளில் மாத்திரை பாதியில் நிற்காது என்று நினைக்கிறேன். எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுத்தால் அது வேறு. உடனே அனுப்ப வேண்டிய குழந்தை அது.

இறப்பை ஜிங்க் குறைக்கிறதா, மருத்துவமனையில் சேர்வதைக் குறைக்கிறதா? சொல்லும் அளவுக்கு நல்ல ஆய்வுகள் இல்லை என்கிறது மீளாய்வு. எனவே "ஜிங்க் உயிரைக் காப்பாற்றும்" என்று சுவரொட்டியிலும் எழுத வேண்டாம், கூட்டத்திலும் பேச வேண்டாம். நீரிழப்பிலிருந்து காப்பது ஓஆர்எஸ். ஜிங்க் அதோடு சேர்ந்து போவது, அதற்குப் பதிலாகப் போவது இல்லை.

அப்புறம், இந்த மீளாய்வுக்குப் பின் வந்த ஓர் ஆய்வை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன், வாந்தியைக் கேட்டவர்களுக்காக. 2020-இல் இந்தியாவிலும் தான்சானியாவிலும் 4,500 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் 20, 10, 5 மில்லிகிராம் என்று மூன்று அளவுகளை ஒப்பிட்டார்கள். குறைந்த அளவுகளும் 20-க்கு ஈடாகவே வேலை செய்தன, வாந்தி குறைவாக இருந்தது. ஒரே ஆய்வு என்றாலும் பெரியது. நம்மிடம் இருப்பது 20 மில்லிகிராம் மாத்திரை, ஆறு மாதத்துக்கு மேல் தினம் ஒன்று, 14 நாள். அளவைக் குறைத்து யாரும் கொடுக்க வேண்டாம்; புதிய உத்தரவு வந்தால் நானே சொல்கிறேன். அதுவரை, மாத்திரைக்குப் பின் வாந்தி எடுத்த குழந்தைகளை உங்கள் பதிவேட்டில் தேதியோடு குறித்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.