500 இலைக்கு ஒரு வரவேற்பு விருந்து: இந்த முகூர்த்த சீசனுக்கான எங்கள் சைவ மெனு

கும்பகோணத்திலிருந்து எழுதுகிறோம். ஆவணி, ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களுக்கு மண்டபம் பிடித்தவர்கள் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை ஐட்டம் போடுவீங்க?" என்றுதான். எந்த ஐட்டத்துக்குப் பிறகு எந்த ஐட்டம் வருகிறது என்று கேட்பவர்கள் குறைவு. சாப்பிட்டு எழுந்தவர் முகத்தில் திருப்தி தெரிவதும் தெரியாததும் அந்த வரிசையில்தான் இருக்கிறது. அதனால் மாலை வரவேற்புக்கு நாங்கள் தரும் சாப்பாட்டை, பரிமாறும் வரிசையிலேயே இங்கே சொல்கிறோம்.

பந்திக்கு முன்

மண்டப வாசலில் சந்தனம், கல்கண்டு வாங்கிக்கொண்டு உள்ளே வருபவர் கையில் முதலில் நன்னாரி சர்பத். எலுமிச்சை பிழிந்து, மண்பானைத் தண்ணீரில் கலந்தது. வெயிலில் வந்தவருக்கு இதைவிட நல்ல வரவேற்பு இல்லை. குழந்தைகளுக்கு ரோஸ் மில்க்.

பத்து நிமிஷம் கழித்து சின்ன டம்ளரில் முருங்கைக்கீரை சூப். மிளகும் சீரகமும் தூக்கலாக இருக்கும். பசியை எழுப்புவது அதன் வேலை, வயிற்றை நிரப்புவது இல்லை.

அப்புறம் வாழைப்பூ வடை. எங்களை மறுபடி அழைப்பவர்களில் பாதிப்பேர் இந்த வடைக்காகத்தான் அழைக்கிறார்கள். 500 இலைக்கு ஆளுக்கு இரண்டு என்று 1000 வடை, 40 பூ. மதியம் இரண்டு மணிக்கே நான்கு அக்காமார் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பூவிலும் கள்ளனை எடுத்துப் போட்டு, பொடியாக நறுக்கி மோர்த்தண்ணீரில் போடுவார்கள். கள்ளன் ஒன்று தப்பினாலும் பல்லில் நார் சிக்கும். கடலைப்பருப்பைக் கொரகொரவென்று அரைத்து, சோம்பு, காய்ந்த மிளகாய், வெங்காயம் சேர்த்து, விருந்தினர் வந்த பிறகே எண்ணெயில் போடுகிறோம். முன்கூட்டியே சுட்டு அடுக்கிவைத்த வடை இந்த மெனுவில் கிடையாது. தட்டில் வரும்போது மேல்தோல் இன்னும் பொரிந்துகொண்டிருக்க வேண்டும்.

இளவட்டங்களுக்காகத் தனி மேஜையில் தோசைக்கல் போட்டு பனீர் டிக்காவும், கூடவே கோபி 65-உம். இரண்டையும் அளவாகத்தான் தருவோம். பந்திக்கு இடம் மிச்சம் இருக்க வேண்டும், இல்லையா?

இலை போட்டாச்சு

தலைவாழை இலை, நுனி இடப்பக்கம். உப்பு, மாங்காய் ஊறுகாய் வைத்த கையோடு இனிப்பு. எங்கள் பந்தியில் அது எப்போதும் அசோகாதான். திருவையாற்றுக்காரர்கள் ஊருக்கெல்லாம் தந்த பண்டம். பாசிப்பருப்பை வறுத்து, குழைய வேகவைத்து, நெய்யில் வறுத்த கோதுமை மாவும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறி, கரண்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது இறக்குவது. இலையில் விழும்போது சூடு இருக்க வேண்டும். ஆறினால் நெய் உறைந்து அந்த வழுக்கல் போய்விடும். அதற்காகவே ஒவ்வொரு பந்திக்கும் அசோகாவைத் தனியாகச் சூடு பண்ணித் தூக்குவாளியில் எடுத்து வருகிறோம்.

பக்கத்தில் வெள்ளரிக்காய்க் கோசுமல்லி, சேனை வறுவல், அவியல்.

அடுத்து இரண்டு குட்டி இட்லி, மேலே கும்பகோணம் கடப்பா. வெளியூர்ச் சம்பந்திகள் "இது என்ன, குருமாவா?" என்று கேட்பார்கள். இல்லை. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வெந்து மசிந்து, தேங்காய், சோம்பு, கசகசா அரைத்து ஊற்றிக் கொதித்தது. கேட்டவர்களே இரண்டாவது கரண்டிக்கு இலையைக் காட்டுவார்கள்.

அதன் பிறகு சீரகச் சம்பா வெஜிடபிள் பிரியாணி, ஒரே ஒரு கரண்டி, வெங்காயத் தயிர்ப் பச்சடியோடு. 500 இலைக்கு 25 கிலோ அரிசி. இதற்கு மேல் போட்டால் சாதம் வரும்போது கை நின்றுவிடும். முன்பு ஒரு கல்யாணத்தில், வீட்டார் கேட்டார்கள் என்று 38 ஐட்டம் செய்தோம். ரசம் வருவதற்குள் பாதிப்பேர் இலையை மூடிவிட்டார்கள். அத்தனை உழைப்பும் அத்தனை அரிசியும் தொட்டிக்குப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்ற வருத்தம் இன்னும் போகவில்லை. அன்றைக்கு முடிவெடுத்து மெனுவைச் சுருக்கினோம்.

இப்போது சுடுசாதம். முதலில் பருப்பும் உருக்கிய நெய்யும், பிறகு கத்திரிக்காய் ரசவாங்கி, பிறகு சுண்டைக்காய் வத்தக்குழம்பு. நல்லெண்ணெய் மேலே மிதக்கும் அந்தக் குழம்புக்குச் சுட்ட அப்பளம் தருகிறோம், பொரித்ததும் உண்டு. அடுத்தது பன்னீர் ரசம். பாலில் செய்யும் பனீர் இல்லை, பன்னீர் ரோஜா இதழ் தூவிய தக்காளி ரசம். வாளியின் மூடியைத் திறந்ததும் அந்த வரிசை முழுக்க வாசனை போகும். கை குழித்துக் குடிக்கிறவர்களுக்குத் தம்ளரிலும் தருவோம்.

முடிவில் பகாளாபாத், மாவடு. மாதுளை முத்தும் இஞ்சியும் கடுகும் போட்டு, பால் கூடுதலாக ஊற்றிப் பிசைந்ததால் எட்டு மணிப் பந்தியிலும் புளிக்காது.

கை கழுவிய பிறகு

இளநீர் பாயசம். இதைப் பந்தியில் பரிமாறுவதில்லை. கை கழுவி வருகிற வழியில் தனி மேஜையில் சில்லென்று இருக்கும். வழுக்கையைச் சின்னச் சின்னதாக நறுக்கி, இளநீர், நன்றாக ஆறிய சுண்டக் காய்ச்சிய பால், முதல் தேங்காய்ப்பால் எல்லாம் சேர்த்தது. அடுப்பில் இருக்கும்போதே தேங்காய்ப்பால் ஊற்றினால் திரிந்துபோகும். அதனால் சாயங்காலம் நான்கு மணிக்கே கலந்து ஐஸில் வைத்துவிடுகிறோம். காரமும் புளிப்பும் சாப்பிட்ட நாக்குக்கு இது இறங்கும் சுகமே வேறு.

பக்கத்தில் கோவா வைத்த சந்திரகலா, பாதி அளவில். குழந்தைகள் கேட்பார்கள் என்பதால் வெனிலா ஐஸ்கிரீம். பெரியவர்களுக்கு டபரா செட்டில் டிகிரி காபி. வாசலில் கொழுந்து வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு. 2025-இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஊர் வெற்றிலை, அன்று காலை கொடிக்காலிலிருந்து வந்தது.

விவரங்கள்

இந்த மெனு இலைக்கு 420 ரூபாய். குறைந்தது 300 இலை. மளிகை, காய்கறி, பால், கேஸ், பாத்திரம், பரிமாறும் ஆட்கள் எல்லாம் இதில் அடக்கம். 12 இலைக்கு ஒருவர் பரிமாறுவார். கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை சுற்றுவட்டாரத்துக்கு வண்டி வாடகை கிடையாது. அதற்கு வெளியே தூரத்தைப் பொறுத்துச் சொல்வோம்.

வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்களுக்குத் தனி அடுப்பு, தனிக் கரண்டி. முன்கூட்டியே எத்தனை இலை என்று சொன்னால் போதும். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பிரியாணிக்குப் பதில் வரகரிசிச் சாம்பார் சாதம் உண்டு.

தேதி உறுதியானதும் நான்கில் ஒரு பங்கு முன்பணம். இலை எண்ணிக்கையைக் கல்யாணத்துக்கு ஏழு நாள் முன்பு இறுதியாகச் சொல்லுங்கள். முன்பணம் தருவதற்கு முன்னாலேயே வீட்டிலிருந்து நான்கு பேர் எங்கள் சமையல்கூடத்துக்கு வந்து, இலை போட்டு முழுச் சாப்பாட்டையும் ருசி பார்க்கலாம், கட்டணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு அடுப்பு தயாராக இருக்கும். வீட்டுப் பாட்டியையும் அழைத்து வாருங்கள். ரசத்தில் உப்பு, புளி எப்படி என்று அவர் சொல்வதை நாங்கள் எழுதி வைத்துக்கொள்கிறோம்.