அரைக்கும் ஆலையின் வியாபார உரிமப் புதுப்பிப்பு

பலாலி வீதி,
திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.
02.12.2024

செயலாளர்,
பிரதேச சபை,
நல்லூர்.

மதிப்புக்குரிய ஐயா/அம்மணி,

2025ஆம் ஆண்டுக்கான வியாபார உரிமம் புதுப்பித்தல்

மேற்படி முகவரியில் இயங்கும் எமது மிளகாய், மா அரைக்கும் ஆலையின் உரிமம் 31.12.2024 உடன் முடிவடைகிறது. புதுப்பிப்பதற்கு முன் சில விடயங்களை அறியத் தருமாறு வேண்டுகிறோம்.

கடந்த ஆவணியில் 7.5 குதிரைவலு மோட்டரை மாற்றி 10 குதிரைவலு மும்முனை மோட்டர் பூட்டியுள்ளோம். இதனால் சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தையும் திருத்த வேண்டுமா, அல்லது வியாபார உரிம விண்ணப்பத்தில் குறிப்பிட்டால் போதுமா? மிளகாய்த் தூள் அயல் வீடுகளுக்குப் பறக்காதிருக்க, தூசி வெளியேறும் குழாய்க்குத் துணிப்பை கட்டி, மேற்குப் பக்க யன்னலையும் அடைத்துள்ளோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆலை ஓடும் நேரத்தில், காலை 8 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் வந்தால் சத்தத்தையும் தூசியையும் உள்ளபடி பார்க்கலாம். தைப்பொங்கலுக்கு மா இடிக்க வருபவர்கள் அதிகம். ஆகவே மார்கழிக்குள் பரிசோதனை முடிந்தால் பேருதவியாக இருக்கும்.

கட்டடத்தின் ஆண்டுப் பெறுமதி மாறியிருப்பின், செலுத்த வேண்டிய கட்டணத்தையும் தெரியப்படுத்தவும்.

இணைப்பு: 2024 உரிமப் பிரதி, வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ்ப் பிரதி, ஆதன வரிப் பற்றுச்சீட்டு.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
உரிமையாளர்