துளிகள் கிளம்பியாச்சு: நீர் சுழற்சி நடிப்பு விளையாட்டு

(கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பள்ளியின் கூடம். ஐந்தாம் வகுப்பு, 40 பிள்ளைகள். 30 பேர் துளிகள். மற்றவர்களில் ஒருவர் சூரியன், மூவர் காற்று, இருவர் மதகு, இருவர் பாறை, இருவர் மாமரம்.

கிழக்குச் சுவரை ஒட்டிக் கடல். அதன் பக்கத்து மேடை மேகம். மேற்குக் கோடியில் இரண்டு பெஞ்சைப் போட்டால் நந்தி மலை. அங்கிருந்து கடல்வரை பழைய நீலப் புடவைகளை முடிச்சுப் போட்டு விரிக்கவும், அதுதான் தென்பெண்ணை. நடுவில் புடவையின் இருபுறமும் மதகுப் பிள்ளைகள் கைகோர்த்து நிற்பார்கள், அது கே.ஆர்.பி. அணை. அதற்கு முன்னால் ஓரமாக ஒரு மேசை; அதன் அடியில் பாறைப் பிள்ளைகள், பக்கத்தில் மாமரம். துளிகள் எல்லோர் கையிலும் ஒரு வெள்ளைத் தாள். அது உப்பு.)

ஆசிரியர்: உலகத்துத் தண்ணீரில் நூற்றுக்கு 97 பங்கு கடல்லதான் இருக்கு. அதனால எல்லாரும் கடல்ல உட்காருங்க. நெருக்கியடிச்சு உட்காருங்க, தப்பில்லை. சூரியன் எங்கே? வா. தொட்டவங்க மட்டும்தான் எழுந்திருக்கணும்.

(சூரியன் பன்னிரண்டு பேரைத் தொடுகிறான். முதல் பையன் தாளோடு மேடைப் படியில் கால் வைக்கிறான்.)

ஆசிரியர்: நில்லு! கையில என்ன?

துளி: உப்பு, மிஸ்.

ஆசிரியர்: அதைக் கடல்லயே போட்டுட்டுப் போ. ஆவியாகிறது தண்ணீர் மட்டும்தான், உப்பு கூட வராது. அதனாலதான் மழைத்தண்ணி கரிக்கிறதில்லை.

(இந்த இடத்தில் அவசரம் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் தாளைக் கீழே வைத்துவிட்டுத்தான் படியேற வேண்டும். பாதிப் பாடம் இதிலேயே முடிந்துவிடும்.)

ஆசிரியர்: மேலே குளிருது. நடுங்குங்க! தூசியைச் சுத்தி ஒட்டிக்கங்க, நாலு நாலு பேராச் சேருங்க. தனித்தனியா இருந்தா மழையாக முடியாது. சரி, கனம் தாங்கலை. டப்பாவில் ஆளுக்கொரு சீட்டு எடுங்க.

(டப்பாவில் மூன்று நீலச் சீட்டுக்கு ஒரு மண் நிறச் சீட்டு. நீலம் வந்தால் நேரே கடலுக்கு. முனகல் கேட்கும். கேட்கட்டும்.)

துளி: மிஸ், கடலுக்கேவா? இப்பத்தானே வந்தேன்!

ஆசிரியர்: பெய்யிற மழையில் முக்கால் பங்குக்கு மேல கடல்லயே விழுது. நம்ம ஊருக்கு வர்றது மிச்சம்தான். மண் நிறம் எடுத்தவங்க இருங்க. இது ஐப்பசி, வடகிழக்குப் பருவம். காற்று, தள்ளு!

(காற்றுப் பிள்ளைகள் அட்டையால் விசிறிக்கொண்டே மேகத்தை மேற்கே ஓட்டுகிறார்கள். பெஞ்சு வந்ததும் எல்லோரும் விரலால் தொடையில் தட்டி மழைச் சத்தம் எழுப்ப, துளிகள் குதிக்கிறார்கள். பெஞ்சு ஆடாமல் ஒருவர் பிடித்துக்கொள்ளவும்.)

ஆசிரியர்: ஆறா ஓடுங்க. ஓசூர் தாண்டியாச்சு. அணை வருது, நில்லுங்க. மதகு திறக்கலை! கடைசி இரண்டு பேர் வரிசையை விட்டு மேசைக்கடியில் போங்க, நீங்க மண்ணுக்குள்ள இறங்கிட்டீங்க.

பாறை: மெதுவாப் போ. என்கிட்ட இருந்து இதை எடுத்துக்கோ.

(மஞ்சள் தாள் கொடுக்கிறாள்.)

ஆசிரியர்: அது ஃபுளோரைடு. நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பாறையில் இருக்கு. நிலத்தடி நீர் அதைக் கரைச்சுக்கும். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல போய், அதையே வருஷக்கணக்கில் குடிச்சா பல் கறைபடும், எலும்பும் கெடும். அதுக்காகத்தான் ஒகேனக்கல்லில் இருந்து காவிரித் தண்ணி குழாயில் வருது. சரி, மேசைக்கடியில் இருக்கிற முதல் ஆள்! மாமரம் வேரால் இழுக்குது, வா.

(மாமரம் கையை நீட்டித் துளியை இழுக்கிறது. அவள் மரத்தைச் சுற்றி வந்து, உயர்த்திய இலைக்கைகளின் கீழே நுழைந்து வெளியேறுகிறாள். மஞ்சள் தாள் மரத்திடம்.)

துளி: ஆறு, கடல் எதுக்கும் போகாம நேரா மேகத்துக்கா?

ஆசிரியர்: ஆமா. நீராவிப்போக்கு. மேடைக்கு ஓடு. இன்னொருத்தர் அடியிலேயே இரு, உனக்கு இன்னும் மோட்டார் போடலை. மதகு, இப்போ திற! சாத்தனூர் போங்க, அப்படியே கடலூர்.

(ஓடி வந்தவர்கள் கடலில் இறங்கும்போது மண்ணும் பாறையும் தந்த கொஞ்சம் உப்பாக ஆளுக்கொரு சின்ன வெள்ளைத் துண்டு கொடுங்கள். கடல் ஏன் கரிக்கிறது என்று அப்போது கேட்டால் அவர்களே சொல்வார்கள். அடுத்த சுற்றில் சூரியன் வேறு பன்னிரண்டு பேரைத் தொடட்டும். இரண்டு சுற்றுக்கு மேல் போனால் கூடம் சந்தையாகிவிடும்.)

ஆசிரியர்: எங்கெங்கே போனீங்க, ஒவ்வொருத்தரா சொல்லுங்க.

துளி: மிஸ், ரெண்டு சுற்றிலும் சூரியன் என்னைத் தொடவே இல்லை. கடல்லயே உட்கார்ந்திருந்தேன்.

ஆசிரியர்: நிஜத் துளி கடல்ல சராசரியா 3,000 வருஷம்போல இருக்கும். ஆவியாகி வானத்துக்குப் போனா ஒன்பது, பத்து நாள்தான்.

துளி: அவ்வளவு நாள் முடியாது மிஸ். நாளைக்கு நான்தான் சூரியன்.