√2 ஏன் பின்னமாகாது? ஒற்றைப்படை, இரட்டைப்படை தெரிந்தால் போதும்

கால்குலேட்டரில் √2 தட்டினால் 1.41421356 என்று வந்து, திரையில் இடம் தீர்ந்ததும் நின்றுவிடும். அதற்கப்புறம் இலக்கங்கள் எங்காவது முடிகின்றனவா, ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வருகின்றனவா என்று எத்தனை இலக்கம் பார்த்தாலும் சொல்ல முடியாது. பின்னங்களைத் தேடிப் பார்க்கலாமென்றால் அதுவும் நன்றாக ஏமாற்றும். 7/5 எடுத்தால் 7-இன் வர்க்கம் 49, 5-இன் வர்க்கத்தைப் போல் இரு மடங்கு 50, ஒன்று குறைகிறது. 17/12 எடுத்தால் 289-க்கு 288, இப்போது ஒன்று கூடுகிறது. வேள்விப் பீடங்கள் அமைக்க எழுதப்பட்ட பழைய சுல்ப சூத்திரங்கள் தரும் மதிப்பைப் பின்னமாக்கினால் 577/408 வரும், அங்கேயும் 332929-க்கு 332928, அதே ஒன்றுதான் இடிக்கிறது. இன்னும் பெரிய எண்களுக்குப் போனால் அந்த ஒன்றும் காணாமல் போய்விடாதா என்று கேட்கத் தோன்றும். போகாது, எவ்வளவு தூரம் போனாலும் போகாது என்று காட்டுவதுதான் இங்கே வேலை.

நேராகக் காட்ட வழியில்லை, ஏனென்றால் பின்னங்களுக்கு முடிவே கிடையாது, ஒவ்வொன்றாகத் தள்ள முடியாது. அதனால் √2 பின்னம்தான் என்று எதிராளி ஒருவர் சொல்வதாக வைத்து, அதை ஒப்புக்கொண்டு அவர் வழியிலேயே போய்ப் பார்ப்போம்.

சரி, √2 ஒரு விகிதமுறு எண் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் √2 = p/q என்று எழுதலாம், p, q இரண்டும் மிகை முழு எண்கள். எந்தப் பின்னத்தையும் சுருக்கலாம் என்பதால், இதையும் முடிந்தவரை சுருக்கிவிட்டோம், இனி 1-ஐத் தவிர பொதுக் காரணி எதுவும் இல்லை என்று கொள்வோம். குறிப்பாக, p, q இரண்டும் ஒருசேர இரட்டைப்படையாக இருக்க முடியாது. பலர் ஏதோ சம்பிரதாயத்துக்கு எழுதிவிட்டுக் கடந்துபோகிற வரி இது, ஆனால் கடைசியில் முட்டப்போவது இதில்தான்.

இருபுறமும் வர்க்கப்படுத்தினால்:

p² = 2q²

வலப்பக்கம் 2-இன் மடங்கு, எனவே p² இரட்டைப்படை. ஆகவே p-யும் இரட்டைப்படை.

கொஞ்சம் நில்லுங்கள், அந்த "ஆகவே" எங்கிருந்து வந்தது? வர்க்கம் இரட்டை என்றால் எண்ணும் இரட்டை என்பது பார்த்தவுடன் சரியென்று தோன்றும், தோன்றினால் போதாது. p ஒற்றைப்படை என்று வைத்துப் பாருங்கள், p = 2k + 1. அப்போது

p² = 4k² + 4k + 1 = 2(2k² + 2k) + 1

இது ஒற்றைப்படை. ஒற்றையின் வர்க்கம் எப்போதும் ஒற்றைதான், அதனால் வர்க்கம் இரட்டையாக வந்திருந்தால் எண் ஒற்றையாக இருந்திருக்கவே முடியாது. என்னைக் கேட்டால் இந்த நிரூபணத்தின் உயிர் இந்த இரண்டு வரிதான், மற்றதெல்லாம் பிரதியிடும் வேலை.

இப்போது p இரட்டை, எனவே p = 2m என்று எழுதலாம். பிரதியிட்டால் 4m² = 2q², அதாவது

q² = 2m²

முன்பு p-க்கு நடந்தது அப்படியே q-வுக்கும் நடக்கிறது: q² இரட்டை, எனவே q இரட்டை. ஆனால் இரண்டும் சேர்ந்து இரட்டையாக இருக்க முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டோமே! முரண்பாடு. இடையில் வந்த படிகளில் குறை ஒன்றுமில்லை, ஆகவே தவறு தொடக்கத்தில் வைத்த அனுமானத்தில்தான். √2 விகிதமுறா எண்.

இந்த வாதம் மிகப் பழையது. சதுரத்தின் மூலைவிட்டம் அதன் பக்கத்தைப் போல் √2 மடங்கு. அந்த மூலைவிட்டத்தையும் பக்கத்தையும் ஒரே அலகால் அளக்க முடியுமென்றால் ஒற்றை எண்கள் இரட்டை எண்களுக்குச் சமமாகிவிடும் என்று அரிஸ்டாட்டில் போகிறபோக்கில் குறிப்பிடுகிறார், கேட்பவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்போல.

ஒரு சந்தேகம் வரவேண்டும்: இதே வாதத்தை √4-க்கும் ஓட்டி, 2 விகிதமுறா எண் என்று நிரூபித்துவிடலாமா? ஓட்டிப் பாருங்கள். p² = 4q², p இரட்டை, p = 2m, அப்புறம் 4m² = 4q², அதாவது m² = q². அவ்வளவுதான், q இரட்டை என்று சொல்ல இங்கே எதுவும் கிடைக்கவில்லை, வாதம் அங்கேயே நின்றுவிடுகிறது. தப்பான இடத்தில் இது வேலை செய்யாது என்பதே எனக்கு இதன்மேல் நம்பிக்கை தருகிறது.

√3-க்கு வந்தால் p² = 3q². 3 ஒற்றை என்பதால் p, q இரண்டும் சேர்ந்து இரட்டையாக இருக்கவேண்டும், இல்லையேல் சேர்ந்து ஒற்றையாக. முதலாவது சுருக்கிய பின்னத்தில் நடக்காது. இரண்டாவதைத் தள்ள வெறும் ஒற்றை, இரட்டை போதாது, ஆனால் மேலே வந்த 4k² + 4k + 1-ஐ இன்னொரு முறை பாருங்கள்: ஒற்றை எண்ணின் வர்க்கத்தை 4-ஆல் வகுத்தால் மீதி எப்போதும் 1. அப்படியென்றால் p² மீதி 1 தரும், 3q² மீதி 3 தரும், இரண்டும் எப்படிச் சமமாகும்?