பொருள்: நீங்கிப்போன 163 வாடிக்கையாளர் கணக்குகள்: மன்னிப்பும் இன்றைய நிலையும்

வணக்கம் அண்ணா,

சனிக்கிழமை இரவு 11:40க்கு நான் ஓட்டிய சுத்தப்படுத்தும் ஸ்கிரிப்ட், உங்கள் ஏஜென்சி கணக்கிலிருந்து 174 வாடிக்கையாளர்களை நீக்கிவிட்டது. அதில் 11 பேர்தான் உண்மையிலேயே இரண்டு முறை பதிவானவர்கள். மற்ற 163 பேரும் தினமும் உங்களிடம் கேன் வாங்கும் வீடுகளும் கடைகளும். தவறு முழுக்க என்னுடையது, மனதார மன்னிப்புக் கேட்கிறேன். ஞாயிறு காலை லோடு லிஸ்டில் பெயர் வராமல் 58 வீடுகளுக்குக் குடிதண்ணீர் போகவில்லை. வாசலில் நின்று பேச்சு வாங்கியது உங்கள் டெலிவரி பையன்கள். அவர்களிடமும் என் வருத்தத்தைச் சொல்லுங்கள்.

நடந்தது இதுதான். ஒரே வீட்டை இரண்டு பையன்கள் தனித்தனியாகப் பதிந்துவிட்டால் லிஸ்டில் இரண்டு முறை வருகிறது. அதைச் சரிசெய்ய, போன் நம்பர் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள் என்று எடுத்துக்கொண்டு, முதல் பதிவை மட்டும் வைத்து மீதியை நீக்கும்படி எழுதினேன்:

```sql
DELETE FROM customers
WHERE agency_id = 7
  AND id NOT IN (
    SELECT MIN(id) FROM customers
    WHERE agency_id = 7
    GROUP BY phone
  );
```

கொருக்குப்பேட்டை லைன் வீடுகளில் ஆறு குடித்தனத்துக்கும் வீட்டுக்கார அக்கா நம்பரைத்தான் கொடுத்திருக்கிறார்கள். முதல் குடித்தனம் நின்றது, மற்ற ஐந்தும் போயின. இப்படிப் போனவை 67. இதைவிடப் பெரிய ஓட்டை, நம்பரே இல்லாத பதிவுகள். GROUP BY காலியான நம்பர்களை எல்லாம் ஒரே குழுவாகச் சேர்த்துவிடும். நம்பர் தராத 97 பேரில் ஒருவர் மட்டும் மிஞ்சி 96 பேர் போய்விட்டார்கள். காசிமேட்டுக் கடைகள் பலவும் இதில்தான் அடக்கம். நான் சோதித்துப் பார்த்த மாதிரிப் பட்டியலில் எல்லோருக்கும் தனித்தனி நம்பர் இருந்ததால் இது அங்கே தெரியவில்லை. வாடிக்கையாளர் நீங்கினால் அவருடைய டெபாசிட்டும் பாக்கியும் சேர்ந்தே நீங்கும்படி ON DELETE CASCADE வேறு வைத்திருந்தேன். பணக் கணக்குள்ள இடத்தில் அது இருந்திருக்கவே கூடாது.

சனி அதிகாலை 2 மணி பேக்கப்பைத் தனி டேட்டாபேஸில் ஏற்றி, நீங்கிய பதிவுகளை மட்டும் பழைய ஐடியோடு திரும்பச் சேர்த்தேன். ஞாயிறு மாலை 3:20க்கு 174 பேரும் திரும்ப வந்துவிட்டார்கள். அந்த 163 பேரின் டெபாசிட் 271 கேன், கேனுக்கு ₹150 வீதம் ₹40,650. இது நீங்கள் எடுத்து வைத்திருக்கும் வெள்ளி இரவு அறிக்கையோடு பைசா மாறாமல் ஒத்துப்போகிறது. இன்று காலை லோடு லிஸ்ட் முழுமையாக வந்தது. வெளியாள் யாரும் எந்த விவரத்தையும் பார்க்கவில்லை.

பேக்கப்புக்கும் ஸ்கிரிப்டுக்கும் இடையில், சனி பகலில் இவர்களுக்குப் போட்ட வரவு 41. பையன்களின் போன் ஆப்பில் இருந்து 38 கிடைத்துவிட்டது. ஆபீஸ் கவுண்டரில் நேரடியாக வாங்கிய 3 மட்டும் கிடைக்கவில்லை: ரசீது எண் 4417, 4420, 4426. வரிசையில் எண் விட்டுப்போனதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். ரசீது புத்தகத்தின் கார்பன் காப்பியைப் பார்த்து மூன்றின் பெயரும் தொகையும் அனுப்புங்கள். அது வரும்வரை அந்த மூன்று பேருக்கும் பாக்கி கூடுதலாகக் காட்டும். இப்போது யார் என்று தெரியாததால், இந்த 163 பேரில் யாரிடமும் பாக்கி வசூல் கேட்க வேண்டாம்.

ஞாயிறு காலை ஆபீசில் கையால் புதிதாகப் பதிந்த 22 பேரின் அன்றைய கேன் கணக்கைப் பழைய கணக்குக்கு மாற்றிவிட்டேன். புதிய பதிவுகளை மறைத்து மட்டும் வைத்திருக்கிறேன், நீக்கவில்லை.

இனி எந்த வாடிக்கையாளர் பதிவும் நேராக அழியாது. deleted_at என்ற குறியோடு மறைந்து நிற்கும், எப்போது வேண்டுமானாலும் மீட்கலாம். CASCADE-ஐ எடுத்துவிட்டேன், பாக்கியோ டெபாசிட்டோ இருந்தால் டேட்டாபேஸே நீக்க விடாது. இரட்டைப் பதிவா என்பதை ஸ்கிரிப்ட் முடிவு செய்யாது. பெயர், கதவு எண், நம்பர் மூன்றையும் பட்டியலாகத் தருவேன், நீங்கள் டிக் செய்தவை மட்டும் இணையும். அந்த 11 பேரின் பட்டியலை இத்துடன் இணைத்திருக்கிறேன், அவசரமில்லை. பேக்கப் இப்போது மணிக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது.

ஞாயிறு மதியம் விட்டுப்போன வீடுகளுக்கு இரண்டாம் டிரிப் அடித்த வண்டிச் செலவை நான் தருகிறேன், தொகையை மட்டும் சொல்லுங்கள். அடுத்த இரண்டு மாதப் பராமரிப்புக் கட்டணம் வேண்டாம். யாராவது வாடிக்கையாளர் கேன் கணக்கில் சந்தேகம் கேட்டால் வழக்கமான நம்பரில் என்னைக் கூப்பிடுங்கள். நாளை காலை 5 மணிக்கு லோடு லிஸ்ட் எடுக்கும்போது நான் ஆபீசில் இருப்பேன்.

இப்படிக்கு,
கார்த்திக்
தண்டையார்பேட்டை