உப்புக்கு நடந்தவர்கள்: கதைசொல்லியின் வசனம்

(திரை திறக்கும் முன்)
எல்லாரும் உட்கார்ந்தாச்சா? சரி. இது 1930, ஏப்ரல் 13, திருச்சி. ராஜாஜியும் நூறு பேர் அளவில் தொண்டர்களும் உப்பு எடுக்க வேதாரண்யத்துக்குக் கிளம்புகிறார்கள், நடந்தே.

(காட்சி 1 முடிந்ததும்)
இப்போது தொப்பியோடு வந்தாரே, அவர்தான் தஞ்சாவூர் கலெக்டர் தார்ன். இவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் ஜெயில் என்று அறிவித்துவிட்டார். ஆனால் அந்த மரத்தைப் பாருங்கள், கிளையில் தொங்குவது காய் இல்லை, சோற்றுப் பொட்டலம்; கட்டிவைத்த கை யாருடையது என்று கலெக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

(காட்சி 2 முடிந்ததும்)
அப்புறம் பதினைந்து நாள் நடை, நாங்கள் இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டோம், மன்னியுங்கள். இனி ஏப்ரல் 30, விடியற்காலை, அகஸ்தியம்பள்ளி உப்பளம். ராஜாஜி குனிகிறார். பின்னால் போலீஸ்.